துணியை மலிவா வாங்கினவருக்கு போனஸ், வெட்டினவருக்கு அபராதம்: கணக்கு சரி, தீர்ப்பு தப்பு!



போன வருஷம் திருப்பூர்ல ஒரு சின்ன பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தரோட கம்பெனி. டீ கொடுத்து உட்கார வெச்சுட்டு, ஒரு எக்செல் ஷீட்டை முன்னாடி வெச்சார். பத்தாயிரம் பீஸ் டி-ஷர்ட் ஆர்டர் ஒண்ணு அப்பதான் முடிஞ்சிருந்தது. அந்த ஆர்டருக்கான துணிக் கணக்கு அது. கடைசியில ரெண்டு வரி மட்டும் மஞ்சள் அடிச்சு வெச்சிருந்தார்.

துணி விலையில் மிச்சம்: ரூ.30,720.
துணி அளவில் நஷ்டம்: ரூ.64,000.

"பாருங்க ஆடிட்டர் சார், பர்ச்சேஸ் பையன் கஷ்டப்பட்டு முப்பதாயிரம் மிச்சம் பிடிச்சிருக்கான். கட்டிங் மாஸ்டர் அறுபத்து நாலாயிரத்தைக் குப்பையில போட்டிருக்கார். பையனுக்கு அஞ்சாயிரம் போனஸ் குடுத்துட்டேன். மாஸ்டர் பில்லுல நாலு தடவையா பிரிச்சு அந்தப் பணத்தைப் பிடிக்கப் போறேன். கணக்கு சரியான்னு மட்டும் ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

பார்த்தேன். கூட்டல், பெருக்கல் எல்லாம் சரி. சி.ஏ. பரீட்சையில் எழுதியிருந்தா முழு மார்க் கொடுத்திருப்பாங்க. ஆனா அந்தக் கணக்கை வெச்சு அவர் எடுத்த முடிவு முழுசா தப்பு. ஏன் தப்புன்னு இந்தப் பதிவில் கடைசி வரைக்கும் பார்த்துடலாம். துணி வாங்கித் தைக்கிற தொழில்ல இருக்கிறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க. இதில் மாட்டியிருக்கிறது உங்க லாபம் மட்டும் இல்ல, உங்ககிட்ட வேலை பார்க்கிற ஒருத்தரோட சம்பளமும்தான்.

முதல்ல, அந்த ஷீட்டில் என்ன இருந்தது?

ஆர்டர் எடுக்கும்போதே ஒரு பீஸுக்கு எவ்வளவு துணி, கிலோ என்ன விலைன்னு கணக்குப் போட்டுத்தான் பையருக்கு ரேட் கொடுப்போம். அந்த எதிர்பார்ப்புதான் ஸ்டாண்டர்ட். வேலை முடிஞ்சதும் நிஜத்தில் நடந்ததை அதோட ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வேரியன்ஸ். இதில் பெரிய மர்மம் எதுவும் கிடையாது.

இந்த ஆர்டருக்கு ஓனர் போட்ட ஸ்டாண்டர்ட் இதுதான். துணி, 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி. சாயம் போட்டு முடிச்ச துணியையே கிலோ கணக்கில் வாங்குறார். கிலோ 400 ரூபாய். ஒரு டி-ஷர்ட்டுக்கு, கட்டிங் வேஸ்ட் உட்பட, 240 கிராம். அப்போ ஒரு பீஸுக்குத் துணிச் செலவு 96 ரூபாய். பத்தாயிரம் பீஸுக்கு 2,400 கிலோ, ரூ.9,60,000.

நிஜத்தில் நடந்தது: துணி கிலோ 388 ரூபாய்க்குக் கிடைச்சது. ஆனா 2,560 கிலோ செலவாச்சு. மொத்தம் ரூ.9,93,280. ஆக, எதிர்பார்த்ததைவிட ரூ.33,280 கூடுதல் செலவு.

இந்த 33,280 எப்படி வந்ததுன்னு பிரிச்சுப் பார்க்கத்தான் ரெண்டு வேரியன்ஸ்.

விலை வேரியன்ஸ் = (ஸ்டாண்டர்ட் விலை − நிஜ விலை) × நிஜ அளவு
(400 − 388) × 2,560 = ரூ.30,720 சாதகம்.

அளவு வேரியன்ஸ் = (ஸ்டாண்டர்ட் அளவு − நிஜ அளவு) × ஸ்டாண்டர்ட் விலை
(2,400 − 2,560) × 400 = ரூ.64,000 பாதகம்.

ரெண்டையும் சேர்த்தா ரூ.33,280 பாதகம். மொத்தத்தோட டேலி ஆகுது.

இங்க ஒரு சின்ன சந்தேகம் நிறைய பேருக்கு வரும். விலை வேரியன்ஸுக்கு நிஜ அளவு, அளவு வேரியன்ஸுக்கு மட்டும் ஏன் ஸ்டாண்டர்ட் விலை? காரணம் இருக்கு. துணியை வெட்டுறவருக்கும், அது என்ன விலைக்கு வந்ததுங்கிறதுக்கும் சம்பந்தம் இல்ல. மார்க்கெட்ல விலை ஏறினாலும் இறங்கினாலும், அவர் கூடுதலா எடுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரே விலைதான் போடணும். அதனால அங்க 400 ரூபாயே நிக்குது. வாங்குறவர் ஒரு கிலோவுக்கு மிச்சம் பிடிச்ச 12 ரூபாய், வாங்கின எல்லாக் கிலோவுக்கும் பொருந்தும். அதனால அங்க நிஜ அளவு. ஒருத்தர் செஞ்சது இன்னொருத்தர் தலையில விழக் கூடாதுங்கிறதுதான் இந்த ஃபார்முலாவோட நோக்கமே.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. நானும் இன்டர் படிக்கும்போது அப்படித்தான் நம்பினேன். விலை வேரியன்ஸுக்குப் பர்ச்சேஸ் பொறுப்பு, அளவு வேரியன்ஸுக்கு புரொடக்ஷன் பொறுப்புன்னு மனப்பாடம் பண்ணி எழுதியிருக்கேன். பனியன் துணியில அந்த வரி எங்க உடையுதுன்னு அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன்.

"துணி கனமா இருக்குதுங்க"

ஓனர்கிட்ட, "மாஸ்டரை ஒரு நிமிஷம் கூப்பிடுங்க" என்றேன். வந்தார். அம்பது வயசு இருக்கும். விஷயத்தை ஏற்கனவே கேள்விப்பட்டிருந்தார் போல, முகம் இறுகியிருந்தது.

"அண்ணா, இந்த ஆர்டர்ல துணி ஏன் கூடப் போச்சு?"

"துணி கனமா இருக்குதுங்க. லே போட ஆரம்பிச்ச அன்னைக்கே சொன்னேன். இருபது கிலோ ரோல்ல எப்பவும் 42 அடுக்கு வரும். இதுல நாப்பதுதான் வந்துச்சு. நான் என்னங்க பண்றது, துணியை இழுத்தா நீட்ட முடியும்?"

ஓனர் உடனே, "குவாலிட்டியில ஓகேன்னு பாஸ் பண்ணித்தானே உள்ள வந்துச்சு?" என்றார். அந்தக் குவாலிட்டி ரிப்போர்ட்டை எடுக்கச் சொன்னேன். ரோல் ரோலா எழுதியிருந்தாங்க: 188, 190, 189, 189. சராசரி 189 ஜிஎஸ்எம். ஆர்டர் 180. பையர் கொடுத்த அனுமதி கூட்டியோ குறைச்சோ 5 சதவீதம். 180-க்கு 5 சதவீதம் கூட்டினா 189. சரியா கோட்டு மேல நிக்குது, அதனால பாஸ்.

ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் துணியோட எடை, கிராம்ல. தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்ல. மத்தவங்களுக்கு ஒரு வரியில சொல்லணும்னா, இது துணி எவ்வளவு கனம்னு சொல்ற நம்பர்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. நாம துணியை வாங்குறது கிலோவில். ஆனா டி-ஷர்ட் தைக்கத் தேவைப்படுறது பரப்பளவு. கை, முன் பாகம், பின் பாகம் எல்லாம் ஒரு குறிப்பிட்ட நீள அகலத்தில் வெட்டியாகணும். துணி கனமா இருந்தாலும் லேசா இருந்தாலும் அந்த நீள அகலம் மாறாது. துணி 5 சதவீதம் கனமா வந்தா, அதே டி-ஷர்ட்டுக்கு 5 சதவீதம் கூடுதல் கிலோ தானாப் போகும். ஒரு இன்ச் துணியைக்கூட யாரும் வீணாக்க வேண்டியதில்ல.

180 ஜிஎஸ்எம்ல பீஸுக்கு 240 கிராம்னா, 189-ல் 252 கிராம். பத்தாயிரம் பீஸுக்கு 2,520 கிலோ. அதாவது, மாஸ்டர் கத்தரியைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடியே 120 கிலோ கூடிப்போச்சு. ஷீட்டில் காட்டின 160 கிலோவில், அந்த 120-க்கு அவர் பொறுப்பே இல்ல. மீதி 40 கிலோ பற்றித்தான் அவர்கிட்ட கேள்வி கேட்கவே முடியும். ரூபாயில் சொன்னா, 64,000-ல் 48,000 ரூபாய் துணியோட கனத்தால வந்தது. 16,000 ரூபாய்தான் கட்டிங் டேபிள்ல தேட வேண்டியது.

அப்போ பர்ச்சேஸ் பையன் மிச்சம் பிடிச்ச 30,720?

இதுதான் எனக்கே அதிர்ச்சியா இருந்த இடம்.

நமக்குத் தேவைப்படுறது சதுர மீட்டர்னா, விலையையும் சதுர மீட்டருக்குப் போட்டுப் பார்க்கணும் இல்லையா? போட்டுப் பார்க்கலாம்.

ஸ்டாண்டர்ட்: ஒரு சதுர மீட்டர் 180 கிராம். கிலோ 400 ரூபாய். ஆக சதுர மீட்டர் 72 ரூபாய்.

நிஜம்: ஒரு சதுர மீட்டர் 189 கிராம். கிலோ 388 ரூபாய். ஆக சதுர மீட்டர் 73 ரூபாய் 33 காசு.

கிலோவுக்கு 12 ரூபாய் குறைச்சு வாங்கின துணி, சதுர மீட்டருக்கு ரூ.1.33 கூடுதல் விலையில் வந்திருக்கு! விலையில் 3 சதவீதம் கிடைச்சது, எடையில் 5 சதவீதம் போச்சு. மலிவுன்னு நினைச்சு வாங்கினது உண்மையில் விலை கூடின துணி.

முழு வேரியன்ஸையும் சதுர மீட்டர்ல மறுபடி போட்டேன். பத்தாயிரம் பீஸுக்கு ஸ்டாண்டர்ட் பரப்பளவு சுமார் 13,333 சதுர மீட்டர். நிஜத்தில் செலவான 2,560 கிலோ, 189 ஜிஎஸ்எம்ல, சுமார் 13,545 சதுர மீட்டர்.

விலை வேரியன்ஸ்: சுமார் ரூ.18,042 பாதகம்.
அளவு வேரியன்ஸ்: சுமார் ரூ.15,238 பாதகம்.
மொத்தம்: ரூ.33,280 பாதகம்.

மொத்தம் ஒரு ரூபாய்கூட மாறல. அது மாறவும் முடியாது, ஏன்னா செலவு செஞ்ச பணம் அதேதான். ஆனா பழி போற இடம் தலைகீழா மாறிடுச்சு. கிலோ கணக்கில் ஹீரோவா இருந்த பர்ச்சேஸ், சதுர மீட்டர் கணக்கில் நஷ்டத்தில் பாதிக்கு மேல பொறுப்பு. கிலோ கணக்கில் 64,000 ரூபாய் தின்ன கட்டிங், இங்க 15,238.

என் கருத்து இதுதான். எதை எதால அளக்கிறோம்ங்கிறதை முதல்ல சரி பண்ணாம, விலை வேரியன்ஸையும் அளவு வேரியன்ஸையும் வெச்சு யாருக்கும் போனஸும் கொடுக்கக் கூடாது, யார் சம்பளத்திலும் கை வைக்கவும் கூடாது. குறிப்பா பனியன் துணியில, கிலோவில் மட்டும் போட்ட வேரியன்ஸ் ஷீட்டை நான் நம்ப மாட்டேன்.

சப்ளையர் ஏமாத்திட்டாரா?

ஓனரோட அடுத்த கேள்வி அதுதான். அவசரப்பட்டு அப்படிச் சொல்லிட முடியாது. பின்னும்போது லூப் நீளம் கொஞ்சம் குறைஞ்சா துணி கனமாகும். சாயம் போட்டு முடிச்சபிறகு, துவைச்சா சுருங்கக் கூடாதுன்னு காம்பாக்டிங்ல துணியை நீளவாக்கில் நெருக்குவாங்க. அப்பவும் ஜிஎஸ்எம் ஏறும். சுருக்கம் குறைவா வேணும்னு பையர் கேட்டா, மில்காரர் கொஞ்சம் கனமாத்தான் முடிச்சுக் கொடுப்பார். அதுல நியாயம் இருக்கு.

அதே சமயம், கிலோவில் விக்கிறவருக்கு கனம் கூடினா பில்லும் கூடும். கனம் குறைஞ்சா ரிஜெக்ட் ஆகும். ரெண்டு பக்கமும் 5 சதவீதம் அனுமதி இருந்தா, அவர் எந்தப் பக்கம் சாய்வார்? நீங்களா இருந்தாலும் கனமான பக்கம்தான் சாய்வீங்க. அதனால ஆளைக் குறை சொல்றதைவிட பர்ச்சேஸ் ஆர்டரை மாத்துறது நல்லது.

ஒரு எளிய வழி. ஜிஎஸ்எம் கூடி வந்தா எந்த விலை வரைக்கும் கட்டுப்படியாகும்னு ஆர்டர் போடும் முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கலாம்.

கட்டுப்படியாகும் விலை = ஸ்டாண்டர்ட் விலை × ஸ்டாண்டர்ட் ஜிஎஸ்எம் ÷ வந்த ஜிஎஸ்எம்

நம்ம கதையில்: 400 × 180 ÷ 189 = சுமார் 381 ரூபாய். அதாவது 189-ல் வர்ற துணியை 381 ரூபாய்க்கு வாங்கினாதான் பழைய விலைக்குச் சமம். அதுக்குக் கீழ போனாதான் உண்மையான மிச்சம். பையன் 388-க்கு வாங்கிட்டு வந்து ஜெயிச்சுட்டோம்னு நினைச்சான். சதுர மீட்டர் விலையை யாரும் அவன்கிட்ட கேட்டதே இல்ல.

பர்ச்சேஸ் ஆர்டரில், "180 ஜிஎஸ்எம்முக்கான விலை இது. அதுக்கு மேல போனா, அந்த விகிதத்தில் பில் எடை குறைக்கப்படும்" என்று ஒரு வரி சேர்க்கலாம். எல்லா சப்ளையரும் ஒத்துக்க மாட்டாங்க. பேசிப் பாருங்க. முழுசா கிடைக்கலைன்னாலும், 3 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுங்கிற அளவுக்காவது வருவாங்க.

மாஸ்டர் தப்பா, துணி தப்பா? தராசு சொல்லும்

இதைக் கண்டுபிடிக்க பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். ரெண்டு எடை போதும்.

ஒண்ணு, வெட்டின பாகங்களோட எடை. இந்த டி-ஷர்ட்டுக்கு ஓனரோட ஸ்டாண்டர்ட் 240 கிராமில், 24 கிராம் வேஸ்ட். மீதி 216 கிராம்தான் சட்டையா மாறுற துணி. கட்டிங் முடிஞ்ச பண்டில்ல இருந்து பத்து பீஸுக்கான பாகங்களை எடுத்து எடை போடுங்க. 2 கிலோ 160 கிராம் இருக்கணும். 2 கிலோ 270 கிராம் பக்கம் இருந்தா, துணி கனம். மாஸ்டர் என்னதான் கவனமா வெட்டினாலும் இந்த எடை குறையாது.

ரெண்டாவது, வேஸ்ட் மூட்டையோட எடை. அந்தக் கம்பெனியில் இந்த ஆர்டரோட கட்டிங் வேஸ்ட்டை நல்ல வேளையா இன்னும் விக்கல. போட்டுப் பார்த்தோம். 292 கிலோ இருந்தது. 189 ஜிஎஸ்எம் துணிக்கு எதிர்பார்க்கிற வேஸ்ட் 252 கிலோ. கூடுதல் 40 கிலோ. ஷீட்டில் கணக்குப் போட்டு வந்த அதே 40. எண்கள் ஒண்ணுக்கொண்ணு சாட்சி சொல்லுது பாருங்க.

அந்த 40 கிலோவையும் நேரா மாஸ்டர் தலையில கட்டிடக் கூடாது. மூட்டையைப் பிரிச்சுப் பார்த்தோம். கை அகலத்துக்கு, முழு அகலத் துண்டுகள் நிறைய கிடந்தது. அது ரோல் முடியிற இடத்தில் மிஞ்சுற எண்ட் பிட். ரோல் சின்னதா வந்தா ரோல் எண்ணிக்கை கூடும், எண்ட் பிட்டும் கூடும். ஓட்டை விழுந்து வெட்டி எறிஞ்ச துண்டுகளும் கொஞ்சம் இருந்தது. அதுவும் துணியோட குறைதான். ரெண்டு பாகத்துக்கு நடுவுல இருக்கிற துண்டுகள் எதிர்பார்த்ததைவிட பெருசா இருந்தா மட்டும்தான் மார்க்கர் போட்டதுலயோ வெட்டினதுலயோ பிரச்சனைன்னு சொல்லலாம். அப்படி இருந்தது கொஞ்சம்தான். அதை மாஸ்டரே ஒத்துக்கிட்டார். "கடைசி ரெண்டு லேயில அவசரத்துல மார்க்கரை மாத்திப் போட்டுட்டோம்ங்க" என்றார்.

ஜிஎஸ்எம்மை நீங்களே பார்க்கணும்னா, வட்டமா வெட்டுற ஜிஎஸ்எம் கட்டர் பெரும்பாலான யூனிட்ல இருக்கும். அது 100 சதுர செ.மீ. துணியை வெட்டித் தரும். அதோட எடை கிராமை நூறால பெருக்கினா ஜிஎஸ்எம். 1.89 கிராம் காட்டினா 189. ஒரே இடத்தில் வெட்டாம, ரோலோட ரெண்டு ஓரம், நடுவுலன்னு பல இடத்தில் எடுங்க. ரோல்ல இருந்து பிரிச்ச உடனே போடாம, துணியைக் கொஞ்ச நேரம் விரிச்சு ஆற விடுங்க. பருத்தி ஈரத்தை இழுக்கும். மழை நாளில் போட்ட எடையும் வெயில் நாளில் போட்ட எடையும் ஒண்ணா இருக்காது.

சாதகம்னு வந்தாலும் சந்தேகப்படுங்க

பாதகம்னு சிவப்புல வந்தா எல்லாரும் ஓடிப் போய்ப் பார்ப்பாங்க. சாதகம்னு பச்சையில வந்தா யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. அதுதான் ஆபத்து.

இதே கதையைத் தலைகீழா யோசிங்க. துணி 180-க்குப் பதிலா 169 ஜிஎஸ்எம்ல வருது. பீஸுக்குத் துணி குறைவாப் போகும். அளவு வேரியன்ஸ் பெரிய சாதகமா காட்டும். மாஸ்டருக்குப் பாராட்டு கிடைக்கும். ஆனா அது பையரோட 5 சதவீத எல்லைக்குக் கீழ. சரக்கு போன பிறகு அவர் எடை போட்டுப் பார்த்து டெபிட் நோட் அனுப்பினா, அந்த நஷ்டம் துணிக் கணக்கில் வராது. வேற ஏதோ தலைப்பில் போய் உட்காரும். துணி ஷீட் கடைசி வரைக்கும் பச்சையாவே இருக்கும்.

இன்னொண்ணு. ஸ்டாண்டர்ட் விலை எப்போ போட்டதுன்னு பாருங்க. 2022-ல் நூல் விலை எகிறினப்போ திருப்பூர்ல உற்பத்தியை நிறுத்திப் போராட்டமே நடந்தது. அந்த மாதிரி நேரத்தில், வருஷ ஆரம்பத்தில் போட்ட ஸ்டாண்டர்ட் விலையை வெச்சு விலை வேரியன்ஸ் போட்டா, எந்தப் பர்ச்சேஸ் மேனேஜரும் பாதகத்தில்தான் நிப்பார். நூல் விலை இறங்குற வருஷத்தில் ஒண்ணுமே செய்யாதவரும் ஹீரோ ஆவார். அதனால சின்ன யூனிட்டுக்கு நான் சொல்றது, வருஷத்துக்கு ஒரு ஸ்டாண்டர்ட் வேண்டாம். ஒவ்வொரு ஆர்டருக்கும், பையருக்கு ரேட் கொடுத்த அன்னைக்குப் போட்ட காஸ்டிங்கே உங்க ஸ்டாண்டர்டா இருக்கட்டும்.

அதேபோல, ஸ்டாண்டர்ட் அளவை நிஜமா வெட்டின பீஸுக்குப் போடுங்க. ரிஜெக்ட் போகும்னு ஆர்டரைவிட கொஞ்சம் கூடுதலா வெட்டுறது வழக்கம். 10,000-க்கு ஆர்டர், 10,300 வெட்டினா, ஸ்டாண்டர்ட் 2,472 கிலோ. 2,400 இல்ல. நீங்களே கூடுதலா வெட்டச் சொல்லிட்டு, அந்த 72 கிலோவை மாஸ்டர் கணக்கில் எழுதக் கூடாது.

இவ்வளவு தேவையா?

என் நண்பர் ஒருத்தர், அவரும் ஆடிட்டர்தான், "சின்ன கம்பெனிக்கு இதெல்லாம் ஓவர். மொத்த நஷ்டம் 33,280. அதைப் பார்த்தாப் போதாதா?" என்று கேட்டார். மொத்தத்தை மட்டும் பார்த்துட்டு, யாரையும் எதுவும் கேட்காம விட்டுட்டா, போதும்தான். ஆனா எந்த ஓனரும் அப்படி விடுறதில்ல. யாரையாவது ஒருத்தரைப் பிடிப்பார். பெரும்பாலும் பேசத் தெரியாதவரைத்தான். பிரிச்சுப் பார்க்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா, ஒழுங்கா பிரிச்சுப் பாருங்க.

இந்த முறைக்கும் எல்லை இருக்கு. துணி மார்க்கரைவிட அகலமா வந்தா, பரப்பளவு கூடும். ஆனா அந்த ஓரத்தைப் பயன்படுத்த முடியாது. அப்போ சதுர மீட்டர் கணக்கும் கட்டிங்கைத்தான் குற்றம் சொல்லும். அதனால ஜிஎஸ்எம்மோட துணி அகலத்தையும் ரோல் வந்த அன்னைக்கே எழுதி வைங்க. கழுத்து ரிப் துணியை இதோட கலக்காம, தனியா கணக்கு வைங்க.

கடைசியில் அந்தக் கம்பெனியில் என்ன நடந்தது? மாஸ்டர் பில்லில் ஒரு ரூபாயும் பிடிக்கல. பையனுக்குக் கொடுத்த போனஸை திருப்பி வாங்கட்டுமான்னு ஓனர் கேட்டார். வேண்டாம்னு சொன்னேன். கிலோ விலையைக் குறைச்சு வாங்குன்னு நீங்க சொன்னீங்க, அவன் குறைச்சு வாங்கினான். அடுத்த தடவை சதுர மீட்டர் விலையைக் குறைச்சு வாங்கச் சொல்லுங்கன்னேன்.

நான் கிளம்பும்போது மாஸ்டர் கேட் வரைக்கும் வந்தார். "எடை போட்டுப் பார்த்தீங்களே, அது போதும்ங்க" என்றார்.

உங்க யூனிட்ல இப்போ ஓடிட்டிருக்கிற ஆர்டர்ல, பத்து பீஸோட வெட்டின பாகங்களை இன்னைக்கே தராசில் வைங்க. ஸ்டாண்டர்டுக்கும் அதுக்கும் எவ்வளவு வித்தியாசம் வந்ததுன்னு கமெண்ட்ல எழுதுங்க. கணக்கில் எங்கயாவது சிக்கினா கேளுங்க, சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்.